ஆப்ல காட்டுற ஷேர் நிஜமா எங்க இருக்கு? டீமேட், டெபாசிட்டரி, புரோக்கர்: முழுமையான வழிகாட்டி

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தப்போ சித்தப்பா கேட்டார், "ஏன்டா, இந்த ஆப்பை தெரியாம டிலீட் பண்ணிட்டேன்னு வை, ஷேர் எல்லாம் போயிடுமா?" போகாது சித்தப்பான்னு சொல்லிட்டேன், ஆனா அடுத்து கேட்டார் பாருங்க, "சரி, ஆப் கம்பெனியே மூடிட்டுப் போயிட்டா?" அதுக்கு ஒரு வரியில பதில் சொல்ல முடியல, ரெண்டு காபி குடிக்கிற நேரம் ஆச்சு, அன்னைக்கு சொன்னதைத்தான் இங்க கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுறேன். எந்த ஷேர் வாங்கணும், எப்போ விக்கணும் எல்லாம் இதுல கிடையாது, வாங்கின ஷேர் யார் கையில இருக்கு, யார் அதைத் தொட முடியும், நீங்க எங்க போய் சரிபார்க்கணும், அவ்வளவுதான்.

முதல்ல: யார் யார் இருக்காங்க

நாம பாக்குறது ஒரே ஒரு ஆப். ஆனா அதுக்குப் பின்னாடி நாலு தனித்தனி ஆளுங்க வேலை பாக்குறாங்க, இதைப் பிரிச்சுப் புரிஞ்சுக்கிட்டா பாதி குழப்பம் போயிடும்.

புரோக்கர் உங்க ஆர்டரை எக்ஸ்சேஞ்சுக்கு கொண்டு போறவர். எக்ஸ்சேஞ்ச், அதாவது என்எஸ்இ இல்ல பிஎஸ்இ, வாங்குறவரையும் விக்கிறவரையும் பொருத்தி வைக்கும். அதோட அதுங்க வேலை முடிஞ்சது. அப்புறம் பணமும் ஷேரும் கை மாறணும் இல்லையா, அதைப் பாத்துக்கிறது கிளியரிங் கார்ப்பரேஷன், ரெண்டு பக்கத்துக்கும் நடுவுல நின்னு "நீ தரலன்னா நான் தரேன்"னு பொறுப்பு எடுக்குறது இவங்கதான். கடைசியா டெபாசிட்டரி, யார்கிட்ட எந்தக் கம்பெனி ஷேர் எத்தனை இருக்குன்னு எழுதி வெச்சிருக்கிற பெரிய பதிவேடு. இந்தியாவுல இது ரெண்டே ரெண்டுதான், 1996-ல ஆரம்பிச்ச என்எஸ்டிஎல், 1999-ல ஆரம்பிச்ச சிடிஎஸ்எல். இவங்க எல்லாருக்கும் மேல செபி, பங்குச் சந்தையைக் கண்காணிக்கிற அரசு அமைப்பு.

டெபாசிட்டரிகிட்ட நீங்க நேரா போய் அக்கவுண்ட் திறக்க முடியாது. அவங்களுக்கு ஏஜென்ட் மாதிரி இருக்கிறவங்களை டிபின்னு சொல்வாங்க, டெபாசிட்டரி பார்ட்டிசிபன்ட். பேங்கும் டிபியா இருக்கலாம், புரோக்கரும் இருக்கலாம். இங்கதான் எல்லாருக்கும் குழப்பம் வருது, ஏன்னா இப்போ பெரும்பாலான புரோக்கர்களே டிபியாவும் இருக்காங்க, ஒரே ஃபார்ம்ல வாங்கி விக்கிறதுக்கு ட்ரேடிங் அக்கவுண்ட், ஷேரை காகிதம் இல்லாம வெச்சிருக்கிறதுக்கு டீமேட் அக்கவுண்ட், ரெண்டையும் திறந்து குடுத்துடுறாங்க, நமக்கு ரெண்டும் ஒண்ணுன்னே தோணுது. ட்ரேடிங் அக்கவுண்ட் புரோக்கரோட புத்தகத்துல இருக்கு. டீமேட் அக்கவுண்ட் டெபாசிட்டரியோட புத்தகத்துல இருக்கு. நிலத்தை வாங்கி வித்துக் குடுக்குற தரகர் வேற, சார்பதிவாளர் ஆபீஸ் வேற, அந்த மாதிரி. தரகர் நோட்டுல உங்க பேர் இருந்தா என்ன இல்லாட்டி என்ன, பத்திரப் பதிவுல இருக்கான்னுதானே பாப்பீங்க?

அந்தப் பதிவேட்டுல என்ன எழுதியிருக்கும்

உங்க டீமேட் நம்பர் 16 எழுத்து. சிடிஎஸ்எல்னா 16-ம் எண்கள்தான், முதல் எட்டு டிபியோட நம்பர், அடுத்த எட்டு உங்களோடது. என்எஸ்டிஎல்னா IN-னு ஆரம்பிக்கும், அதோட ஆறு எண் சேர்த்து டிபி நம்பர், அப்புறம் எட்டு எண் உங்களோடது. உங்க நம்பரை இப்பவே ப்ரொஃபைல் பக்கத்துல எடுத்துப் பாருங்க, நீங்க எந்த டெபாசிட்டரின்னு ஒரு செகண்ட்ல தெரிஞ்சிடும். எதுல இருந்தாலும் பெரிய வித்தியாசம் இல்ல, அதை டிபிதான் முடிவு பண்றார்.

ஒவ்வொரு ஷேருக்கும் 12 எழுத்துல ஒரு அடையாளம் உண்டு, அதுதான் ISIN. கம்பெனி ஷேர்னா INE-ல ஆரம்பிக்கும், மியூச்சுவல் ஃபண்ட்னா INF. பதிவேட்டுல உங்க பேருக்கு நேரா இந்த ISIN, எத்தனை எண்ணிக்கை, அது ஃப்ரீயா இருக்கா அடமானத்துல இருக்கான்னு இருக்கும். முக்கியமா ஒண்ணு இருக்காது: நீங்க என்ன விலைக்கு வாங்கினீங்கங்கிறது. டெபாசிட்டரிக்கு அது தெரியவே தெரியாது, அவங்க ஸ்டேட்மென்ட்ல வர்ற மதிப்பு கூட அன்னைக்கு மார்க்கெட் விலையில போட்டதுதான். ஆப்ல பச்சை சிவப்புல லாப நஷ்டம் காட்டுதே, அது புரோக்கர் தன்னோட கணக்குல இருந்து போடுறது. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, கடைசியில புரோக்கர் மாத்துறப்போ இது வந்து இடிக்கும்.

பேப்பர் காலத்துல ஒவ்வொரு ஷேருக்கும் தனி நம்பர் இருந்தது, சர்டிஃபிகேட் தபால்ல தொலையும், கையெழுத்து பொருந்தலன்னு திரும்பி வரும், போலியும் சுத்தும். டீமேட்ல அந்த நம்பர் கிடையாது, உங்க 50 ஷேரும் என் 50 ஷேரும் ஒண்ணுதான், பேங்க்ல போட்ட பணம் மாதிரி. 1996 டெபாசிட்டரிஸ் சட்டப்படி காகிதத்துல டெபாசிட்டரிதான் பதிவு பெற்ற உரிமையாளர், ஆனா அது கைமாற்றி எழுதுற வசதிக்கு மட்டும். டிவிடெண்ட், ஓட்டு, போனஸ் எல்லா உரிமையும் பயனாளிக்கு, அதாவது உங்களுக்குத்தான். டெபாசிட்டரியால அதை விக்கவும் முடியாது, அவங்க கடனுக்கு ஈடா காட்டவும் முடியாது.

திங்கக்கிழமை வாங்குறீங்க: அந்த 50 ஷேர் எப்படி வந்து சேருது

ஒரு கணக்கு வெச்சே பாப்போம். திங்கக்கிழமை காலையில ஒரு கம்பெனி ஷேர், 200 ரூபாய்க்கு 50 வாங்குறீங்க, டெலிவரிக்கு. 10,000 ரூபாய். அதுக்கு மேல எஸ்டிடிங்கிற பங்கு பரிவர்த்தனை வரி 0.1 சதவீதம் 10 ரூபாய், முத்திரைத் தீர்வை 0.015 சதவீதம் ஒண்ணரை ரூபாய், அப்புறம் புரோக்கரேஜ் இருந்தா அது, சில்லறைக் கட்டணங்கள், ஜிஎஸ்டி.

ஆர்டர் எக்ஸ்சேஞ்ச்ல பொருந்தின உடனே ஆப்ல 50 ஷேர் காட்டும். ஆனா அந்த நிமிஷம் உங்க டீமேட்ல ஒண்ணுமே இல்ல! ஆப் காட்டுறது "வரப்போகுது"ங்கிற கணக்கு, சில ஆப்ல பக்கத்துல T1-னு சின்னதா போட்டிருப்பாங்க, அது இதுக்குத்தான். அன்னைக்கு ராத்திரிக்குள்ள கான்ட்ராக்ட் நோட் மெயில் வரும், எக்ஸ்சேஞ்ச்ல இருந்தும் தனியா எஸ்எம்எஸ் இல்ல மெயில் வரும். ரெண்டையும் ஒரு தடவையாவது ஒப்பிட்டுப் பாருங்க, எக்ஸ்சேஞ்ச் அனுப்புறது புரோக்கர் கை படாத தகவல்.

செவ்வாய்க்கிழமைதான் நிஜமான கைமாற்றம். 2023 ஜனவரி கடைசியில இருந்து இந்தியாவுல எல்லா ஷேருக்கும் டி+1, அதாவது வாங்கின அடுத்த வேலை நாள் செட்டில்மென்ட். வித்தவர் அக்கவுண்ட்ல இருந்து ஷேர் கிளியரிங் கார்ப்பரேஷனுக்குப் போகும், உங்க பணம் புரோக்கர் வழியா அங்க போகும், மதியத்துக்கு மேல ஷேர் உங்க டீமேட்டுக்கு வரும். நடுவுல பேங்க் லீவு வந்து அன்னைக்கு மார்க்கெட் மட்டும் நடந்தா செட்டில்மென்ட் ஒரு நாள் தள்ளிப் போகும், "வாங்கி ரெண்டு நாள் ஆச்சு இன்னும் வரல"ன்னு பதறுறவங்க முதல்ல செட்டில்மென்ட் லீவு பட்டியலைப் பாருங்க.

இதுல ஒரு பெரிய மாற்றம் சமீபத்துலதான் வந்தது. முன்னாடி எல்லாம் ஷேர் கிளியரிங் கார்ப்பரேஷன்ல இருந்து புரோக்கரோட பூல் அக்கவுண்ட்டுக்கு மொத்தமா வரும், அவர் பிரிச்சு ஒவ்வொருத்தருக்கும் அனுப்புவார். அந்த இடைவெளியில ஷேர் புரோக்கர் கையில இருக்கும், தாமதமும் நடக்கும், தப்பும் நடக்கும். 2024-ல செபி சுற்றறிக்கை போட்டு 2025-ல முழுசா அமலுக்கு வந்த முறையில கிளியரிங் கார்ப்பரேஷனே நேரா உங்க டீமேட்ல போட்டுடுது. என்னைக் கேட்டா டி+1-ஐ விட சிறு முதலீட்டாளருக்கு இதுதான் உபயோகம், ஆனா டிவியில ஒருத்தரும் இதைப் பத்திப் பேசி நான் பாக்கல.

எப்பவாவது வித்தவர் ஷேர் தராமலே விட்டுடுவார். அப்போ கிளியரிங் கார்ப்பரேஷன் ஏலம் போட்டு மார்க்கெட்ல வாங்கி உங்களுக்குத் தரும், அதுலயும் கிடைக்கலன்னா ஷேருக்குப் பதிலா பணமா குடுத்து முடிச்சிடுவாங்க. திங்கக்கிழமை வாங்கினதை ஷேர் கையில வர்றதுக்கு முன்னாடியே செவ்வாய்க்கிழமை விக்கிறவங்களுக்கு இதுல ஒரு ரிஸ்க் இருக்கு. உங்களுக்கு வரவேண்டியது வரலன்னா நீங்க தரவேண்டியதும் நின்னுடும், ஏலத்து நஷ்டம் உங்க தலையில. நல்லா கைமாறுற பெரிய ஷேர்ல இது அபூர்வம், சின்னக் கம்பெனி ஷேர்ல நடக்கும்.

சும்மா வெச்சிருக்கிறப்போ யார் என்ன பண்றாங்க

இந்த நேரத்துல புரோக்கருக்கு கிட்டத்தட்ட வேலையே இல்ல. உங்க 50 ஷேருக்கு கம்பெனி 4 ரூபாய் டிவிடெண்ட் அறிவிக்குதுன்னு வைங்க. யார் யாருக்கு டிவிடெண்ட்னு முடிவு பண்ற ரெக்கார்ட் தேதி அன்னைக்கு ரெண்டு டெபாசிட்டரியும் அன்னைய பேர்ப் பட்டியலை கம்பெனியோட ரிஜிஸ்ட்ராருக்கு அனுப்பும், அந்தப் பட்டியல்ல இருக்கிற பேங்க் அக்கவுண்ட்டுக்கு 200 ரூபாய் நேரா வரும். புரோக்கர் ஆப்ல இருக்கிற பேலன்ஸ்ல வராது. நிறைய பேர் புரோக்கர் கஸ்டமர் கேருக்கு போன் போட்டு "டிவிடெண்ட் எங்க?"ன்னு சண்டை போடுவாங்க, பாவம் அவங்களுக்கே தெரியாது.

வரலன்னா பெரும்பாலும் ஒரே காரணம்தான், டீமேட்ல இருக்கிற பேங்க் விவரம் பழசு. வேலை மாறினப்போ மூடின சம்பள அக்கவுண்ட், பேங்க் இணைப்புல மாறிப்போன ஐஎஃப்எஸ்சி, இப்படி. டிபிகிட்ட சொல்லி மாத்துங்க, பழைய டிவிடெண்டுக்கு ரிஜிஸ்ட்ராருக்கு எழுதுங்க. ஏழு வருஷம் தொடர்ந்து யாரும் வாங்கிக்காம விட்டா அந்தப் பணம் மட்டும் இல்ல, ஷேரே அரசாங்கத்தோட ஐஇபிஎஃப் நிதிக்குப் போயிடும், திரும்ப வாங்கலாம் ஆனா அலைச்சல்.

டிவிடெண்டுக்காக வாங்குறவங்களுக்கு ஒரு வார்த்தை. ரெக்கார்ட் தேதி புதன்கிழமைன்னா செவ்வாய்க்கிழமையாவது வாங்கியிருக்கணும், அப்போதான் புதன் அன்னைக்கு பட்டியல்ல உங்க பேர் இருக்கும். புதன்கிழமையே வாங்கினா வியாழக்கிழமைதான் டீமேட்டுக்கு வரும், டிவிடெண்ட் கிடையாது.

ஸ்ப்ளிட் நடந்தா வேற ஒரு வேடிக்கை. 10 ரூபாய் முகமதிப்பு ஷேர் 2 ரூபாயா உடைஞ்சா பொதுவா புது ISIN வரும், பழைய ISIN-ல உங்க 50 கழிஞ்சு புது ISIN-ல 250 ஏறும். விலை அன்னைக்கே அஞ்சுல ஒரு பங்கா ஆயிடும், புது எண்ணிக்கை ஏறுறதுக்கு கொஞ்ச நேரம் ஆகும், நடுவுல ஆப் 80 சதவீத நஷ்டம்னு சிவப்பா காட்டும். என் நண்பன் ஒருத்தன் அதைப் பாத்துட்டு ராத்திரி பதினோரு மணிக்கு போன் போட்டான். தப்பு புரோக்கரோட கணக்குலதான், டெபாசிட்டரி பதிவேட்டுல ஒண்ணும் தொலையல.

விக்கிறப்போ: உங்க அனுமதி இல்லாம ஷேர் நகரக்கூடாது

வாங்குறதுக்கு யாரும் டெபாசிட்டரிகிட்ட அனுமதி கேக்க வேணாம், உள்ள வர்றதுதானே. வெளிய போறதுக்கு வேணும். ரெண்டு வழி இருக்கு.

ஒண்ணு, ஒவ்வொரு தடவையும் நீங்களே அனுமதிக்கிறது. சிடிஎஸ்எல்னா ஆப்ல விக்கப் போனா ஒரு பக்கம் திறக்கும், அது புரோக்கரோட பக்கம் இல்ல, சிடிஎஸ்எல்லோட பக்கம். அதுல TPIN-ங்கிற ரகசிய எண்ணைப் போட்டு, போனுக்கு வர்ற ஓடிபி போட்டு, இந்த ISIN-ல இத்தனை ஷேர்னு அனுமதி குடுக்குறீங்க. என்எஸ்டிஎல்லயும் ஓடிபி வெச்சு இதே மாதிரிதான். புரோக்கர் ஊழியர் யாராவது இந்த TPIN-ஐ போன்ல கேட்டா குடுக்காதீங்க, அவங்ககிட்ட இருக்கக்கூடாதுங்கிறதுக்காகத்தான் இப்படி ஒரு ஏற்பாடே.

ரெண்டாவது, டிடிபிஐ. ஒரு தடவை கையெழுத்து போட்டுட்டா விக்கிற ஒவ்வொரு தடவையும் TPIN கேக்காது. முன்னாடி இதுக்கு பவர் ஆஃப் அட்டார்னி வாங்குவாங்க, அதுல பக்கம் பக்கமா என்னென்னவோ இருக்கும், யாரும் படிக்க மாட்டாங்க. 2022-ல வந்த டிடிபிஐ-ல நாலே நாலு விஷயத்துக்குத்தான் அனுமதி: நீங்க எக்ஸ்சேஞ்ச்ல வித்ததுக்கு ஷேர் அனுப்ப, ட்ரேடிங்குக்கு ஈடா குடுக்குற மார்ஜினுக்கு அடமானம் வைக்க, மியூச்சுவல் ஃபண்ட் ஆர்டருக்கு, கம்பெனியைக் கையகப்படுத்துறவங்க போடுற ஓப்பன் ஆஃபர்ல ஷேர் குடுக்க. பழைய அக்கவுண்ட் வெச்சிருக்கிறவங்க பழைய பிஓஏ இன்னும் உயிரோட இருக்கான்னு டிபிகிட்ட கேட்டுப் பாருங்க, ரத்து பண்ண எழுதிக் குடுத்தா போதும். வருஷத்துக்கு நாலு தடவை விக்கிறவருக்கு டிடிபிஐயே தேவையில்லைன்னுதான் நான் நினைக்கிறேன், TPIN போட அரை நிமிஷம் ஆகுமா?

சரி, நம்ம 50 ஷேரை ஒரு வியாழக்கிழமை 230 ரூபாய்க்கு விக்கிறீங்க, 11,500 ரூபாய். அந்த நேரமே ஷேர் வெளிய போயிடாது, உங்க டீமேட்லயே பிளாக் ஆகும், ஐபிஓவுக்கு பேங்க்ல பணம் பிளாக் ஆகுற மாதிரி. 2022 நவம்பர்ல இருந்து இதுதான் கட்டாய முறை. ஆர்டர் நிறைவேறலன்னா பிளாக் தானா விடுபடும். நிறைவேறினா வெள்ளிக்கிழமை உங்க அக்கவுண்ட்ல இருந்து நேரா கிளியரிங் கார்ப்பரேஷனுக்குப் போகும், டெபாசிட்டரி உங்களுக்கு எஸ்எம்எஸ் அனுப்பும், பணம் புரோக்கர்கிட்ட இருக்கிற உங்க லெட்ஜருக்கு வரும். இந்த விற்பனைக்கு எஸ்டிடி பதினொண்ணரை ரூபாய் போக டிபி சார்ஜ்னு ஒண்ணு வெட்டுவாங்க, பெரும்பாலும் 15-ல இருந்து 20 ரூபாய் சுமார். அது எண்ணிக்கையைப் பொறுத்தது இல்ல, ஒரு நாள்ல ஒரு ISIN வெளிய போனா ஒரு தடவை. 50 ஷேரை ஒரே நாள் வித்தா ஒரு சார்ஜ், அஞ்சு நாள் பத்து பத்தா வித்தா அஞ்சு சார்ஜ். 300 ரூபாய் ஷேர் ஒண்ணே ஒண்ணு விக்கிறவருக்கு இது எவ்வளவு சதவீதம்னு நீங்களே போட்டுப் பாருங்க.

சித்தப்பா கேட்ட கேள்வி: புரோக்கர் மூடிட்டா?

இங்க ரெண்டையும் பிரிச்சுப் பாக்கணும், ஷேர் வேற, பணம் வேற.

டீமேட்ல இருக்கிற ஷேர் புரோக்கரோட சொத்து இல்ல, அவர் திவாலானாலும் அவருக்குக் கடன் குடுத்தவங்க அதைத் தொட முடியாது. டிபிங்கிற ஏஜென்ட் போயிடுவார், பதிவேடு அப்படியே இருக்கும், வேற டிபிக்கு மாத்திக்கலாம். ஆனா இது "உங்க டீமேட்ல நிஜமாவே இருக்கிற" ஷேருக்குத்தான் பொருந்தும். 2019-ல கார்விங்கிற புரோக்கர் நிறுவன விஷயத்துல நடந்தது என்னன்னா, பவர் ஆஃப் அட்டார்னியை வெச்சு கிளையன்ட்டுங்க ஷேரை நிறுவனத்தோட பேர்ல இருந்த டீமேட்டுக்கு நகர்த்தி, அதை அடமானம் வெச்சு கடன் வாங்கிட்டாங்க. 2019 நவம்பர் 22-ம் தேதி செபி உத்தரவு போட்டது, டிசம்பர் ஆரம்பத்துல என்எஸ்டிஎல் 80,000-க்கும் மேற்பட்ட கிளையன்ட்டுங்களுக்கு ஷேரைத் திருப்பி அவங்கவங்க டீமேட்டுக்கே மாத்துச்சு. ஆப்ல ஷேர் இருந்தது, டெபாசிட்டரி ஸ்டேட்மென்ட்ல இல்ல, அதைப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்.

அதுக்கப்புறம்தான் ஓட்டைகளை ஒவ்வொண்ணா அடைச்சாங்க. 2020 செப்டம்பர்ல இருந்து மார்ஜினுக்கு ஷேர் குடுக்கணும்னா அதை புரோக்கர் அக்கவுண்ட்டுக்கு மாத்தக் கூடாது, உங்க டீமேட்லயே இருக்கும், மேல அடமானக் குறி மட்டும் விழும், அதுக்கும் டெபாசிட்டரி அனுப்புற லிங்க்ல ஓடிபி போட்டு நீங்க ஒத்துக்கணும். மேல சொன்ன பிளாக் முறை, டிடிபிஐ, கிளியரிங் கார்ப்பரேஷனே நேரா டீமேட்ல போடுறது எல்லாம் இந்த வரிசையில வந்ததுதான்.

பணம் மட்டும் இன்னும் புரோக்கர் பக்கம்தான் ரிஸ்க். வித்த பணத்தை ஆப்லயே மாசக் கணக்கா விட்டு வைக்காதீங்க. நீங்க தேர்ந்தெடுத்தபடி மாசத்துக்கு ஒரு தடவையோ மூணு மாசத்துக்கு ஒரு தடவையோ சும்மா கிடக்குற பணத்தை அவங்களே பேங்குக்கு திருப்பி அனுப்பணும்னு விதி இருக்கு, அதான் திடீர்னு ஒரு நாள் கேக்காமலே பணம் வந்து விழுது. புரோக்கர் ஓடிப்போனா எக்ஸ்சேஞ்சோட முதலீட்டாளர் பாதுகாப்பு நிதியில கேக்கலாம், ஆனா அதுக்கு ஒரு ஆளுக்கு இவ்வளவுன்னு உச்ச வரம்பு உண்டு.

மாசம் பத்து நிமிஷம்: பதிவேட்டை நீங்களே பாருங்க

ஒண்ணு, டெபாசிட்டரியோட சொந்த லாகின் போட்டுக்கோங்க. சிடிஎஸ்எல்னா cdslindia.com-ல Easi, என்எஸ்டிஎல்னா IDeAS. டீமேட் நம்பரும் பதிவான மொபைலுக்கு வர்ற ஓடிபியும் போதும், காசு கிடையாது. அங்க தெரியுற எண்ணிக்கையை ஆப்ல தெரியுறதோட ஒவ்வொரு ஷேரா ஒப்பிடுங்க. நேத்து வாங்கினது, இன்னைக்கு வித்தது தவிர மீதி எல்லாம் ஒத்துப்போகணும். ஆப்ல 50, அங்க 0-ன்னா அது சாதாரண விஷயம் இல்ல.

ரெண்டு, அந்தப் பக்கத்துல ஃப்ரீ எவ்வளவு, பிளெட்ஜ், அதாவது அடமானம் எவ்வளவுன்னு பாருங்க. நீங்க மார்ஜினுக்கே குடுக்கல, ஆனா பிளெட்ஜ்ல எண்ணிக்கை இருக்குன்னா அன்னைக்கே எழுத்துல கேளுங்க. முழுப் பணமும் கட்டாம வாங்கின ஷேர்னா அதுவும் அடமானக் குறியோடதான் வரும், அது முறைதான், பணம் கட்டினா நீங்கும்.

மூணு, காஸ்னு சொல்ற ஒருங்கிணைந்த ஸ்டேட்மென்ட். அந்த மாசம் ஏதாவது வாங்கி வித்திருந்தா அடுத்த மாசம் நடுவுல மெயில்ல வரும், ஒண்ணும் நடக்கலன்னா ஆறு மாசத்துக்கு ஒண்ணு. பாஸ்வேர்ட் உங்க பான் நம்பர், பெரிய எழுத்துல. உங்க பான்ல எத்தனை டீமேட் இருக்கோ எல்லாம் அதுல வந்துடும், மியூச்சுவல் ஃபண்டும் வரும், அதனால நீங்க மறந்தே போன பழைய அக்கவுண்ட் கூட இதுல தலை காட்டும்.

நாலாவதுதான் நிறைய பேர் கோட்டை விடுறது. டீமேட்ல பதிவான மொபைலும் மெயிலும் உங்களோடதுதானான்னு பாருங்க. சித்தப்பா அக்கவுண்ட்ல மெயில் ஐடி யாரோடதுன்னு பாத்தா, ஃபார்ம் நிரப்பிக் குடுத்த ஏஜென்ட்டோடது! கெட்ட எண்ணம் இருந்திருக்கும்னு சொல்ல மாட்டேன், சித்தப்பாகிட்ட மெயில் இல்லாததால தன்னோடதைப் போட்டிருப்பார், ஆனா அஞ்சு வருஷமா அவருக்கு வரவேண்டிய ஸ்டேட்மென்ட் எல்லாம் வேற யாருக்கோ போயிருக்கு. ஓடிபியும் அலர்ட்டும் வேற ஒருத்தர் போனுக்குப் போனா மேல சொன்ன பூட்டு எல்லாம் வீண்.

ஏதாவது பொருந்தலன்னா முதல்ல டிபிக்கு மெயில், பதில் சரியில்லன்னா செபியோட ஸ்கோர்ஸ் புகார் தளம், அதுவும் முடியலன்னா ஸ்மார்ட் ஓடிஆர்ங்கிற ஆன்லைன்ல தகராறு தீர்க்குற தளம். போன்ல பேசினது எதுவும் கணக்குல வராது, ஸ்க்ரீன்ஷாட்டோட எழுதுங்க.

புரோக்கரை மாத்தணும்னா

ஷேரை வித்துட்டு புது இடத்துல வாங்கணும்னு நினைக்கிறாங்க, தேவையே இல்ல, வித்தா வரிதான் வரும். உங்க பேர்ல இருந்து உங்க பேருக்கே மாத்துறது விற்பனை ஆகாது.

புது புரோக்கர்கிட்ட அக்கவுண்ட் திறந்து, அவங்ககிட்ட சிஎம்ஆர் வாங்கிக்கோங்க, கிளையன்ட் மாஸ்டர் ரிப்போர்ட், அதுல உங்க புது டீமேட் நம்பர், பேர், பான் எல்லாம் இருக்கும். பழைய டிபிகிட்ட அக்கவுண்ட்டை மூடி எல்லாத்தையும் மாத்தச் சொல்லி ஃபார்ம் குடுங்க, கூட சிஎம்ஆர். பேரும் பானும் ரெண்டு பக்கமும் ஒண்ணா இருந்தா, ஜாயின்ட் அக்கவுண்ட்னா வரிசையும் ஒண்ணா இருந்தா, மூடி மாத்துறதுக்கு கட்டணம் வாங்கக்கூடாது. அடமானத்துல இருக்கிற ஷேரை முன்னாடியே விடுவிச்சுடுங்க, இல்லன்னா ஃபார்ம் திரும்பி வரும். அக்கவுண்ட்டை மூடாம ஒண்ணு ரெண்டு ஷேர் மட்டும் மாத்தணும்னா சிடிஎஸ்எல்ல Easiest, என்எஸ்டிஎல்ல SPEED-e வழியா ஆன்லைன்லயே பண்ணலாம், இல்லன்னா காகிதத்துல எழுதிக் குடுக்குற டிஐஎஸ் ஸ்லிப். அந்த ஸ்லிப் புத்தகத்தை செக் புத்தகம் மாதிரி பாருங்க, வெத்து ஸ்லிப்ல கையெழுத்து போட்டு யார்கிட்டயும் குடுத்து வைக்காதீங்க.

இப்போ அந்த வாங்கின விலை சமாச்சாரம். ஷேர் மட்டும்தான் போகும், விலை போகாது, புது ஆப்ல உங்க 50 ஷேருக்கு நேரா 0-ன்னோ இல்ல வந்து சேர்ந்த அன்னைய விலையோ காட்டும். அதை நீங்களே கையால திருத்தணும். அதுக்கு, பழைய அக்கவுண்ட்டை மூடுறதுக்கு முன்னாடியே அங்க இருந்து மொத்த ட்ரேட்புக்கையும் கான்ட்ராக்ட் நோட்டையும் டவுன்லோட் பண்ணி வெச்சுக்கோங்க, மூடினதுக்கப்புறம் லாகின் போயிடும், கெஞ்சி வாங்கணும். வரிக் கணக்குல முதல்ல வந்தது முதல்ல போகும்ங்கிற முறைதான், அதனால தேதியும் விலையும் ரெண்டும் வேணும்.

சித்தப்பாவோடது பழைய வகை அக்கவுண்ட், வருஷா வருஷம் பராமரிப்புக் கட்டணம் வெட்டிட்டு இருந்தாங்க. ஒருத்தர் பேர்ல ஒரே ஒரு டீமேட்தான் இருக்கு, அதுல மதிப்பு 4 லட்சத்துக்குள்ளன்னா பிஎஸ்டிஏன்னு ஒரு வகை இருக்கு, கட்டணம் பூஜ்யம், 4-ல இருந்து 10 லட்சம் வரை வருஷம் 100 ரூபாய். அன்னைக்கே மெயில் ஐடியை மாத்துறதுக்கு ஒரு ஃபார்ம், பிஎஸ்டிஏவுக்கு ஒரு ஃபார்ம், நாமினி கட்டம் காலியா இருந்ததால சித்தி பேரைப் போட ஒரு ஃபார்ம்னு மூணையும் நிரப்பி வெச்சேன், கையெழுத்து மட்டும் பழைய கையெழுத்தோட பொருந்தாம ஒண்ணு திரும்பி வந்தது, ரெண்டாவது தடவை சரியாயிடுச்சு.